சலூன் கேப்ஷன்: முதல் இரண்டு வரியில் இரண்டு மொழியும்

இன்ஸ்டாகிராமில் கேப்ஷனின் முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும். மிச்சம் 'more' என்பதற்குள் போய்விடும். தமிழில் ஒரு முழுப் பத்தி எழுதி அதன் கீழே ஆங்கிலம் போட்டால், தமிழ் படிக்கத் தெரியாத வாடிக்கையாளர் சலுகையைப் பார்க்காமலே கடந்துவிடுவார். அதனால் சேவை, விலை, நாள் மூன்றையும் மொழிக்கு ஒரு குட்டி வரியாக மேலேயே வையுங்கள். கோவை சலூன் ஒன்றுக்கு இப்படி எழுதலாம்:

```
ஹேர் ஸ்பா ₹799, செவ்வாய்–வியாழன்
Hair spa ₹799, Tue–Thu

தோள் வரை முடிக்கு இந்த விலை. அதைவிட நீளமான முடிக்கு ₹200 கூடுதல்.
Up to shoulder length. Longer hair ₹200 extra.
```

கடையில் வாய்விட்டுக் கேட்கும் பெயரையே எழுதுங்கள்; 'ஹேர் ஸ்பா' எல்லோருக்கும் புரியும்.

சண்டை வருவது நிபந்தனையில்தான். 'கூடுதல்' விவரம் ஒரு மொழியில் மட்டும் இருந்தால், பில் போடும்போது மற்ற மொழியில் படித்தவர் "போஸ்ட்ல அப்படி இல்லையே" என்பார். விலையைத் திருத்தினால் இரண்டு மொழியிலும் திருத்துங்கள். போஸ்ட் போட்டதும் வேறொரு போனில் திறந்து பாருங்கள். ஆங்கில வரி தெரியவில்லையென்றால் தமிழ் வரி நீளம். நாள் விவரத்தை அடுத்த பத்திக்கு இறக்கிவிடலாம், விலை மேலேயே இருக்கட்டும்.