பொருள் விவரத்திலிருந்து எடையைப் பிரிக்கும்போது செய்யும் தவறுகள்

பொருளின் பெயர், வகை, எடை எல்லாம் ஒரே செல்லில் கொட்டிக் கிடக்கும் பட்டியல் உங்கள் கைக்கும் வந்திருக்கும். அதிலிருந்து எடையை மட்டும் தனி நெடுவரிசைக்கு எடுக்க வேண்டும். ஃபார்முலா பிழை காட்டினால் கவலையில்லை, உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். பிழையே காட்டாமல் நம்பும்படியான தவறான எண்ணைத் தருவதுதான் ஆபத்து. கூகுள் ஷீட்ஸில் இந்த ஐந்து வரிகளை வைத்துப் பார்ப்போம்.

```
A2  சலவைத்தூள் 1.5 kg
A3  3 இன் 1 காப்பித்தூள் 500g
A4  5G ரவுட்டர் 350 g
A5  ஓட்ஸ் 1,250 g
A6  சோப் 4 x 125 g
```

கையால் கூட்டினால் மொத்தம் 4,100 கிராம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் முதலில் செய்வது, இலக்கம் அல்லாத எல்லாவற்றையும் அழித்துவிடுவது. `=REGEXREPLACE(A2,"\D","")` என்று போட்டால் முதல் வரி 15 ஆகிறது, ஏனென்றால் புள்ளியும் போய்விட்டது. காப்பித்தூள் 31500 ஆகிவிடுகிறது. ஓட்ஸ் மட்டும் தற்செயலாகச் சரியாக வருகிறது. நாம் சோதித்துப் பார்க்கும் ஒரே வரி அதுவாக இருந்துவிட்டால் கதை முடிந்தது! சரி, முதலில் வரும் எண்ணை மட்டும் எடுப்போம் என்று `\d+` போட்டால் 1, 3, 5, 1, 4 என்று ஐந்தும் தவறு. இந்த இரண்டிலும் ஒரு நல்லது, தவறு கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அலகோடு சேர்த்துத் தேடுவார்கள்:

```
=REGEXEXTRACT(LOWER(A2),"(\d+(?:\.\d+)?)\s*(kg|g)\b")
```

`?:` இல்லாத அடைப்புகள் இரண்டு இருப்பதால் எண் B-யிலும் அலகு C-யிலும் போய் உட்காரும். அணுகுமுறை சரிதான். எண்ணை மட்டும் எடுத்து அலகை விட்டுவிட்டால் 1.5-உம் 500-உம் ஒரே நெடுவரிசையில் வந்து, சலவைத்தூளைவிடக் காப்பித்தூள் முந்நூறு மடங்குக்கு மேல் கனமாகிவிடும். ஆனால் விடையைப் பாருங்கள்: 1.5 kg, 500 g, 5 g, 250 g, 125 g. எல்லாமே எடை மாதிரிதான் இருக்கின்றன. கிராமில் கூட்டினால் 2,380. 1,720 கிராம் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கிறது.

எங்கே போனது? ரவுட்டரில், `LOWER` போட்டதும் 5G என்பது 5g ஆகி, ஐந்து கிராம் ஆகிவிட்டது. ஓட்ஸில், காற்புள்ளியைத் தாண்டத் தெரியாமல் 250-ஐ மட்டும் பிடித்தது. சோப்பில், நான்கு கட்டிகளில் ஒன்றின் எடைதான் வந்தது. மூன்றும் வெவ்வேறு கோளாறு.

முதலில் ரவுட்டர். எடை பெரும்பாலும் விவரத்தின் கடைசியில்தான் இருக்கும் என்பதால், கடைசிப் பொருத்தத்தை எடுக்க முன்னால் `.*` சேர்க்கத் தோன்றும். அங்கேதான் நானும் மாட்டினேன். `.*` பேராசை பிடித்தது, முடிந்தவரை எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு நமக்கு மிச்சமாக ஒரே ஓர் இலக்கத்தைத்தான் விடும். 500g-க்கு விடை 0. சரி, நடுவில் `\b` போடலாம் என்றால், புள்ளிக்குப் பின்னாலும் சொல் எல்லை இருப்பதால் 1.5 என்பது 5 ஆகிவிடுகிறது. எண்ணுக்கு முன்னால் இலக்கமோ புள்ளியோ காற்புள்ளியோ இருக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் வேலைக்கு ஆகிறது:

```
=REGEXEXTRACT(LOWER(A2),"(?:.*[^\d.,]|^)([\d.,]*\d)\s*(kg|g)\b")
```

ஓட்ஸின் காற்புள்ளியும் இதிலேயே தீர்ந்தது. விடை 1.5, 500, 350, 1,250, 125. ஆனால் "500 g + 50 g இலவசம்" என்று ஒரு வரி இருந்தால் இது 50-ஐத்தான் எடுக்கும். எல்லாப் பட்டியலுக்கும் பொருந்தும் ஒரே விதி கிடையாது. உங்கள் பட்டியலில் எடை எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சோப்பு விஷயத்தில் ஃபார்முலா எழுதும் முன்பே ஒரு கேள்வி: உங்களுக்கு வேண்டியது ஒரு கட்டியின் எடையா, முழுப் பொதியின் எடையா? முழு எடை வேண்டுமென்றால் எண்ணிக்கையைத் தனி நெடுவரிசையில் எடுப்பது நல்லது.

```
D2  =VALUE(B2)*IF(C2="kg",1000,1)
E2  =IFERROR(VALUE(REGEXEXTRACT(LOWER(A2),
      "(\d+)\s*[x×]\s*[\d.,]+\s*(?:kg|g)\b")),1)
F2  =D2*E2
```

E-யில் கடைசியில் அலகையும் கேட்பதற்குக் காரணம் உண்டு. இல்லாவிட்டால் "10 x 15 cm" என்ற அளவும் பத்துப் பொதிகளாகிவிடும். "125 g x 4" என்று திருப்பி எழுதியிருந்தால் இது பிடிக்காது, அதற்குத் தனியாக ஒன்று எழுத வேண்டும். இப்போது F-ஐக் கூட்டினால் 4,100 வருகிறது.

D-யில் இருக்கும் `VALUE` அலங்காரம் இல்லை. `REGEXEXTRACT` தருவது எண் போலத் தெரியும் எழுத்து. `=B2*2` என்றால் ஷீட்ஸ் தானே எண்ணாக்கிக் கணக்குப் போட்டுவிடும், அதனால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வோம். `=SUM(B2:B6)` போட்டால் 0. செல்லில் எண் இடப்பக்கம் ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள். இன்னொன்று: பத்தாம்சத்துக்குக் காற்புள்ளி எழுதும் நாட்டின் அமைப்பில் ஷீட் இருந்தால் `VALUE` 1,250-ஐ ஒன்றேகால் என்று படிக்கும், 1.5-ஐத் தேதியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

பொருத்தம் கிடைக்காத வரிகளில் `#N/A` வரும். அசிங்கமாக இருக்கிறதே என்று B-யைச் சுற்றி `IFERROR(…,0)` போட்டு மூடிவிடாதீர்கள். எடை தெரியாத பொருள் எடையே இல்லாத பொருளாகி, சராசரியைக் கீழே இழுத்துவிடும். E-யில் 1 போட்டது வேறு: எண்ணிக்கை சொல்லாவிட்டால் ஒன்று என்பது உண்மை. எடை சொல்லாவிட்டால் பூஜ்ஜியம் என்பது பொய்.

கண்ணுக்குச் சரியாகத் தெரியும் வரியில் `#N/A` வந்தால் இரண்டு இடங்களில் பாருங்கள். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய பட்டியலில் எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே இருப்பது சாதாரண இடைவெளியாக இருக்காது, `\s` அதைக் கண்டுகொள்ளாது. B, E இரண்டிலும் A2-க்குப் பதில் `SUBSTITUTE(A2,CHAR(160)," ")` போட்டு மாற்றிக்கொள்ளலாம். அலகைத் தமிழில் "கிராம்" என்று எழுதியிருந்தால் சிக்கல் `\b`-யில். ஷீட்ஸில் அது ஆங்கில எழுத்துகளின் சொல் எல்லையைத்தான் அறியும். "கிராம்" முடிந்து இடைவெளி வந்தாலும் அதற்கு அது எல்லையே இல்லை. `\b`-யை எடுத்துவிட்டு `(கிலோ|கிராம்|கி)` என்று நீளமானதை முன்னால் வையுங்கள். D-யில் அலகைச் சோதிக்கும் இடத்தையும், E-யில் அலகைக் கேட்கும் இடத்தையும் அதற்கேற்ப மாற்றவும்.

எக்செல்லில் `REGEXEXTRACT` மைக்ரோசாஃப்ட் 365-இன் புதிய பதிப்புகளில் மட்டும்தான் உண்டு, அடைப்புகளைத் தனித்தனியாகப் பெற மூன்றாவது இடத்தில் 2 கொடுக்க வேண்டும். பழைய பதிப்பில் பலர் `Ctrl+E` அழுத்தி வேலையை முடித்துக்கொள்கிறார்கள். அது நாம் தந்த ஓரிரு மாதிரிகளை வைத்து ஊகிக்கிறது, ஊகித்ததை வெறும் மதிப்பாக எழுதிவைக்கிறது. A நெடுவரிசை மாறினால் அது மாறாது.

கடைசியாக F-ஐ ஏறுவரிசையில் அடுக்கி, மேலே இருபது, கீழே இருபது வரிகளை அசல் விவரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 5 கிராம் ரவுட்டர் முதல் வரிகளிலேயே வந்து நிற்கும். ஓட்ஸ் போன்றவை நடுவில் ஒளிந்துகொள்ளும் என்பதால், காற்புள்ளி உள்ள வரிகளை மட்டும் வடிகட்டித் தனியாக ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும்.