மார்ச் 31: மீதிகள் ஒத்துப்போயின, 24,500 ரூபா மட்டும் வங்கியில் இல்லை

புறக்கோட்டை கெய்சர் வீதியில் ஒரு மொத்தத் துணிக்கடை. மாதம் ஒருமுறை அங்கே போய், காசேட்டை வங்கிக் கூற்றோடு இணக்கிக் கொடுப்பது என் வேலை. அந்த மார்ச் முடிவில் காசேட்டின்படி வங்கியில் இருக்க வேண்டிய மீதி 486,250 ரூபா. வங்கிக் கூற்று காட்டியது 527,830 ரூபா. வித்தியாசம் 41,580. நான் போய்ச் சேர்ந்தபோது, கணக்கு எழுதும் தம்பி காலையிலிருந்து அந்த 41,580ஐத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

முதல் பிழையே அந்தத் தேடல்தான். 41,580 ரூபாவுக்கு அந்தக் கடையில் ஒரு செக்கும் இல்லை, ரசீதும் இல்லை. மாத முடிவில் வரும் வித்தியாசம் பல தொகைகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் எஞ்சி நிற்கும் எண். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் எங்கும் போய்ச் சேர முடியாது. தம்பி அதை 9ஆல் வகுத்தும் பார்த்திருந்தார், மீதியில்லாமல் 4,620 வந்துவிட்டது. "அண்ணை, எங்கேயோ இலக்கத்தை மாற்றி எழுதியிருக்கிறேன் போல" என்றார். இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் 9ஆல் வகுபடும் என்பது உண்மைதான். ஆனால் எண்களில் ஒன்பதுக்கு ஒன்று சும்மாவே 9ஆல் வகுபடும். மற்றதெல்லாம் அடங்கிய பிறகு எஞ்சுவதில்தான் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

பெப்ரவரி இணக்கக் கூற்றை எடுக்கச் சொன்னேன். அப்போது நிலுவையில் நின்ற செக்குகள் மார்ச்சில் வங்கிக்குப் போயினவா என்று முதலில் பார்க்க வேண்டும். பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள். போன மாதச் செக் இந்த மாதக் கூற்றில் இருக்கும், இந்த மாதக் காசேட்டில் இருக்காது. அப்புறம் "வங்கி எங்களுக்குத் தெரியாமல் பணம் எடுத்துவிட்டது" என்று கிளைக்குத் தொலைபேசி எடுப்பார்கள். இங்கே பெப்ரவரிச் செக்குகள் எல்லாம் தேறியிருந்தன. பிறகு மார்ச் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பென்சிலால் டிக் செய்தோம்.

டிக் விழாதவை இரண்டு வகை. நமக்குத் தெரிந்து வங்கிக்கு இன்னும் தெரியாதவை ஒரு வகை. நாம் கொடுத்த செக்குகளில் இரண்டு, 96,400ம் 18,730ம், இன்னும் வங்கிக்குப் போகவில்லை. மாதக் கடைசி வைப்பு 64,500 கூற்றில் ஏறவில்லை. மற்ற வகை, வங்கிக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதவை: கண்டி வாடிக்கையாளர் ஒருவர் தன் வங்கியிலிருந்து நேரே மின்னணு முறையில் அனுப்பி, கூற்றில் CEFTS என்று வந்திருந்த 28,400, வங்கிக் கட்டணம் 1,250, திரும்பி வந்த ஒரு செக் 38,000.

இந்த இரண்டாவது வகையை இணக்கக் கூற்றில் மட்டும் எழுதிவிட்டு, காசேட்டைத் தொடாமல் விடுவது அடுத்த பிழை. வங்கிக்குத் தெரிந்து நமக்குத் தெரியாததைக் காசேட்டில்தான் பதிய வேண்டும். இணக்கக் கூற்றில் நிற்க வேண்டியது முதல் வகை மட்டும். பதியாமல் விட்டால் அதே 1,250 ஏப்ரலிலும் மே மாதத்திலும் வித்தியாசமாக வந்து நிற்கும்.

பதியும்போது பக்கமும் மாறிப்போகலாம். கூற்றை வங்கி தன் பார்வையில் எழுதுகிறது. அதில் கிரெடிட் என்றால் நமக்கு வந்த பணம், நம் காசேட்டில் அது டெபிட் பக்கம். கண்டிப் பணத்தைக் கூற்றில் பார்த்தபடியே கிரெடிட் பக்கம் எழுதினால் 28,400 அல்ல, 56,800 பிசகும். இணங்காமல் நிற்கும் தொகையின் சரிபாதி ஏதாவது பதிவாக இருக்கிறதா என்று தேடச் சொல்வது இதனால்தான்.

திரும்பிய செக்கைத் தம்பி செலவுக் கணக்கில் போடப் பார்த்தார். மீதி அப்படியும் சரியாக வரும், ஆனால் அந்த வாடிக்கையாளர் 38,000 கடன்காரர் என்பது புத்தகத்திலிருந்து மறைந்துவிடும். அது அவருடைய கணக்கில்தான் திரும்ப ஏற வேண்டும். வங்கி வசூலித்த கட்டணம் செலவுக்குப் போகலாம்.

இப்போது கணக்குப் பார்த்தோம். வங்கிக் கூற்றின் 527,830இலிருந்து போகாத செக்குகள் 115,130ஐக் கழித்து, வைப்பு 64,500ஐக் கூட்டினால் 477,200. காசேட்டின் 486,250உடன் 28,400ஐக் கூட்டி, 38,000ஐயும் 1,250ஐயும் கழித்தால் 475,400. இடையில் 1,800 நிற்கிறது.

9ஆல் வகுக்க இதுதான் நேரம். 200 வந்தது. இலக்கம் இடம் மாறியிருந்தால், மாறியது ஆயிரத்து இலக்கமும் நூற்று இலக்கமும், அவற்றுக்கிடையே வித்தியாசம் 2 என்று அந்த 200 சொல்கிறது. ஒரு பூச்சியம் விடுபட்டு 2,000ஐ 200 என்று எழுதியிருந்தாலும் இதே 1,800 வரும். டிக் போட்ட பதிவுகளையே தொகையை வாசித்து மறுபடி பார்த்தோம். ஒரு லொறிக் கூலிச் செக் வங்கியில் 6,840, காசேட்டில் 8,640. செக் இலக்கத்தை மட்டும் பார்த்து டிக் போட்டதால் தப்பிவிட்டது. 1,800ஐக் கூட்டியதும் இரண்டு பக்கமும் 477,200.

தம்பி கோப்பை மூடப் போனார். நான் 64,500க்கான வைப்புச் சீட்டின் அடிக்கட்டையைக் கேட்டேன். சீட்டில் இருந்தது 40,000 மட்டும். மீதி 24,500 லாச்சிக்குள், ஏப்ரல் 10 திகதியிட்ட செக்காக இருந்தது. மார்ச் 31இல் வாடிக்கையாளர் கையில் தந்ததால், வந்த பணமாகவே எழுதிவிட்டார்.

புறக்கோட்டை வியாபாரம் பாதி பின்திகதிச் செக்கில்தான் ஓடுகிறது, ஆகவே இது அபூர்வமான பிழையில்லை. ஆனால் இணக்கக் கூற்று இதைக் காட்டிக்கொடுக்காது. காசேட்டில் 24,500 கூடுதலாக இருக்கிறது. வங்கிப் பக்கத்தில் "இன்னும் ஏறாத வைப்பு" என்று அதே 24,500ஐக் கூட்டுகிறோம். இரண்டு பக்கமும் ஒரே அளவு பிசகுவதால் மீதிகள் அழகாக ஒத்துப்போகின்றன. உண்மையான மீதி 452,700. இங்கே வரி ஆண்டு முடிவதும் மார்ச் 31 என்பதால், இல்லாத காசு அந்த வருடக் கணக்கிலும் ஏறியிருக்கும்.

ஆகவே ஏறாத வைப்பு ஒவ்வொன்றுக்கும் வங்கி முத்திரை விழுந்த அடிக்கட்டையைப் பாருங்கள், அடுத்த மாதக் கூற்றின் முதல் சில நாட்களையும் பாருங்கள். 2006 முதல் இலங்கையில் வங்கிகளுக்கிடையே செக்கின் படம்தான் போகிறது, பெரும்பாலும் அடுத்த வேலை நாளில் தேறிவிடும். ஐந்தாம் திகதியாகியும் ஏறாத வைப்பு வழியில் இல்லை, லாச்சியில் இருக்கிறது.

அன்று 24,500ஐக் காசேட்டிலிருந்து எடுத்து, வாடிக்கையாளர் பெயரிலேயே நிலுவையாக விட்டோம். பின்திகதிச் செக்குகளுக்கென்று தனியாக ஒரு கொப்பி போட்டு, முதல் வரியில் ஏப்ரல் 10 என்று எழுதினோம்.