மாலைப் பாலை மேடையில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகாதீர்கள்

கும்பகோணத்தில் எங்கள் எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த பெண், நாலரை மணிக்குப் பால் வாங்கிச் சமையல் மேடையில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். ஏழரைக்கு வந்துதான் காய்ச்சினார். "பொங்கக் காய்ச்சிட்டா கிருமியெல்லாம் செத்துடும்ல அக்கா?" என்றார். ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காய்ச்சினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது

நான் அப்படி நம்பிக்கொண்டிருந்தபோது ஒரு அக்னி நட்சத்திர நாள். மூன்றரை மணிக்குக் கறந்த இரண்டு லிட்டர் பாலை ஏழு மணிக்குக் காய்ச்சினேன். திரியவில்லை, புளித்த வாடையும் இல்லை. அதில் வைத்த பாயசத்தை எட்டு மணிக்குக் குடித்த பிள்ளைகள் இருவரும் பதினொரு மணிக்குள் வாந்தி எடுத்தார்கள். டாக்டர் முதலில் கேட்டதே, "பால் எவ்வளவு நேரம் வெளியில இருந்துச்சு?" என்றுதான்.

மாட்டின் மடியிலிருந்தோ கறப்பவர் கையிலிருந்தோ ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி பாலில் சேரலாம். மடிச்சூட்டோடு வெயில் சூடும் சேர்ந்தால் மளமளவென்று பெருகி, நஞ்சைப் பாலிலேயே விட்டுவிடும். காய்ச்சினால் கிருமி சாகும், ஆனால் அந்த நஞ்சு கொதியிலும் அழியாது. நிறத்திலோ ருசியிலோ அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஒரு கரண்டிப் பாலைத் தனியாகக் காய்ச்சிப் பார்ப்போமே, அது பால் புளித்திருக்கிறதா என்று மட்டும்தான் காட்டும்.

அதனால் நேரத்தை, பால் வாங்கிய மணியிலிருந்து எண்ணாமல் கறந்த மணியிலிருந்து எண்ணுங்கள். பால்காரரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். சாதாரண நாளில் இரண்டு மணி நேரம், சித்திரை வைகாசி வெயிலில் ஒரு மணி நேரம், அதற்குள் அடுப்பில் இருக்க வேண்டும். வெளியே போக வேண்டுமா? பச்சைப் பாலை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள், வந்ததும் காய்ச்சுங்கள்.

பொங்கியதும் அணைப்பது

மேலே ஏடு கட்டி, அதன் அடியில் ஆவி அடைபட்டால் பால் முழுக்கக் கொதிக்கும் முன்பே பொங்கிவிடும். தீயைக் குறைத்துக் கிளறிக்கொண்டே இன்னும் இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள்.

காய்ச்சிய பாலை அடுப்பிலேயே மூடி வைப்பது

கொதியைத் தாங்கும் கிருமி வித்துகளும் உண்டு. பால் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துவிடும். அகலமான அண்டாவில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் பால் பாத்திரத்தை நிறுத்திக் கிளறுங்கள். தண்ணீர் சுட்டதும் மாற்றுங்கள். ஒரு லிட்டர் பால் அரை மணி நேரத்துக்குள் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். அப்புறம் மூடி ஃப்ரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள். கதவில் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் அங்கே சூடு ஏறும்.

காலையில் மிஞ்சியதில் மாலைப் பாலை ஊற்றுவது

கூடவே கூடாது.