நனைந்த சிலிப்பரும் ஒரு தே தாரிக்கும்: மழைப் படத்துக்குக் குறும்பாக வரி எழுதுவது எப்படி?

அக்டோபர் பிறந்துவிட்டால் சுங்கை சிப்புட் பக்கம் பிற்பகல் மழை வராத நாள் குறைவு. காலையில் வெயில் கொளுத்தும். மூன்று, நான்கு மணிக்கு இடியோடு கொட்டும். எல்லாரும் அந்த நேரத்தில் குடைப் படம் எடுக்கிறோம். படம் நன்றாகவே வருகிறது, கீழே எழுதும் வரிதான் சப்பென்று போகிறது. அதைச் சரிசெய்யும் வழியை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஒரு படத்தை வைத்துக்கொள்வோம். கடை வரிசைக்கு முன்னால் ஒரு அக்கா நீலக் குடையோடு நிற்கிறார். குடை முகத்தை மறைத்திருக்கிறது. (முகம் தெரிந்தால் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.) காலடியில் தார்ச்சாலைக் குழி, அதில் மண்நிறத் தண்ணீர். சிலிப்பர் முழுக்க நனைந்திருக்கிறது. சாலைக்கு அந்தப் பக்கம் ஒட்டுக்கடை.

முதலில் படத்தில் கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்: குடை, குழி, தண்ணீர், சிலிப்பர். அப்புறம் அவற்றை அடித்துவிடுங்கள். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். “மழையில் குடை பிடித்து நடக்கும் அக்கா, என்ன அழகு!” என்று எழுதினால், பார்ப்பவர் ஏற்கெனவே பார்த்ததையே திரும்பச் சொல்கிறோம். படத்தால் சொல்ல முடியாதது எது? சிலிப்பர் நடக்கும்போது எழுப்பும் ‘சளக் சளக்’ சத்தம், இஞ்சி போட்ட தேத்தண்ணியின் வாசம், அடுத்த நிமிடம் நடக்கப்போவது. வரிக்கு அவைதான் சரக்கு.

அடுத்து, யார் பேசுவது என்று முடிவு செய்யுங்கள். நான் எப்போதும் சிலிப்பரைப் பேசவிடுவேன். அக்காவைப் பேசவிட்டால் அது மழை பற்றிய புகாராகிவிடும். குழியைப் பேசவிட்டால் சாலை பராமரிப்பு பற்றிய மனுவாகிவிடும். சிலிப்பருக்கு மட்டும்தான் ஒரு நியாயமான சின்ன மனக்குறை இருக்கிறது: குடை தலைக்குத்தான், காலுக்கு இல்லை. அதை அப்படியே எழுதுவோம்:

“தலைக்குக் குடை இருக்கிறது. எங்களுக்கு யார் பிடிப்பது?
இப்படிக்கு, இடது சிலிப்பர், வலது சிலிப்பர்.”

இதுவே போதும் என்று சிலர் சொல்வார்கள். எனக்குப் போதாது, தேத்தண்ணி இன்னும் வரவில்லை. அதை நடுவில் சொருகாதீர்கள். மழையில் எல்லாக் கால்களும் போய்ச் சேரும் இடம் ஒட்டுக்கடை என்பதால், வரியும் அங்கேதான் போய் நிற்க வேண்டும்:

“தலைக்குக் குடை இருக்கிறது. எங்களுக்கு யார் பிடிப்பது?
குழியைத் தாண்டினால் தே தாரிக் என்றார்கள். தாண்டினோம்.
அதையும் அவரே குடித்துவிட்டார்.
இப்படிக்கு, இடது சிலிப்பர், வலது சிலிப்பர்.”

படத்தில் தே தாரிக் கிளாஸ் இல்லை என்பதைக் கவனியுங்கள். கிளாஸும் படத்தில் இருந்திருந்தால் கடைசி வரிக்கு முன்பே விஷயம் உடைந்திருக்கும். ‘தாண்டினோம்’ என்ற ஒற்றைச் சொல் வாக்கியத்தையும் நீட்டாதீர்கள்; அங்கே ஒரு நொடி நின்றால்தான் அடுத்த வரி சிரிக்க வைக்கும். சிரிக்கும் பொம்மைகளை வரிசையாகப் போடுவது எனக்குப் பிடிக்காது. போட்டே ஆக வேண்டுமென்றால் ஒரே ஒரு குடை போடுங்கள்.

நீளம் பற்றி ஒன்று. இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்துக் குறிகள் வரை எழுதலாம், ஆனால் தொடக்க வரிகளைக் காட்டிவிட்டு மீதியை மடித்துவிடுகிறது. தமிழில் இடம் இன்னும் சீக்கிரம் தீரும். ‘சிலிப்பர்’ நம் கண்ணுக்கு 5 எழுத்து. கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுவதால் கணினிக்கு 9. ஆகவே கேள்வியை முதல் வரியிலேயே வையுங்கள். தட்டச்சுக்கு நான் சொல்வது செல்லினம்தான், நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கியது. முதலில் குறிப்பேட்டுச் செயலியில் எழுதி, வரிகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு நகலெடுங்கள்.

பின்சேர்க்கை: பள்ளிப் பிள்ளைகளின் படத்துக்கு என்ன எழுதுவது என்று ஓர் ஆசிரியை கேட்டிருந்தார். அங்கே சிலிப்பர் இல்லை, சப்பாத்து. அதன் கவலை வேறு, நாளைக் காலைக்குள் காய வேண்டும். “இன்றிரவு ஐஸ்பெட்டிக்குப் பின்னால் இரண்டு விருந்தாளிகள். வயிறு நிறைய நேற்றைய பேப்பர்.” இங்கே தேத்தண்ணி தேவையில்லை, விட்டுவிடலாம்.

இன்னொரு பின்சேர்க்கை: படத்தின் மேலேயே எழுதினால் எழுத்து உடைகிறது என்று சிலர் சொன்னார்கள். சில படச் செயலிகள் தமிழ்க் கொம்பைச் சரியாகச் சேர்ப்பதில்லை. ‘கொட்டும்’ என்று அடித்துப் பாருங்கள். ஒற்றைக் கொம்பு ‘க’வுக்கு முன்னால் வராமல் பின்னால் நின்றால் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லையென்றால் அந்தச் செயலியில் படத்தின் மேல் எழுத வேண்டாம், வரியைக் கீழே போடுங்கள்.