ஸ்டாப் லாஸ் 95இல் போட்டேன், ஏன் 88க்கு விற்றது?

"95இல் ஸ்டாப் லாஸ் போட்டிருந்தேன். காலையில் பார்த்தால் 88க்கு விற்றிருக்கிறது. யாரோ ஏமாற்றிவிட்டார்களா?"

டிரேடிங்குக்குப் புதிதாக வந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். அந்த ஆர்டர் தனக்குச் சொன்னதை அப்படியே செய்திருக்கிறது. போட்டவர் மனதில் நினைத்தது வேறு, அவ்வளவுதான். இது புரிய, முதலில் ஆர்டர் புக்கைப் பார்க்க வேண்டும். திரையில் பெரிதாகத் தெரியும் விலை, கடைசியாக நடந்து முடிந்த வியாபாரத்தின் விலை. அடுத்த வியாபாரம் எந்த விலையில் நடக்கும் என்பது ஆர்டர் புக்கில்தான் இருக்கிறது.

ஒரு பங்கின் கடைசி விலை 100 என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆர்டர் புக் இப்படி இருக்கிறது:

| விற்பவர் கேட்கும் விலை | எத்தனை பங்கு |
|---|---|
| 103.00 | 400 |
| 101.40 | 80 |
| 100.50 | 120 |
| 100.20 | 50 |

| வாங்குபவர் தரும் விலை | எத்தனை பங்கு |
|---|---|
| 99.90 | 60 |
| 99.70 | 150 |
| 99.20 | 200 |

இப்போது ஒருவர் 300 பங்கு வாங்க மார்க்கெட் ஆர்டர் போடுகிறார். 100 என்ற விலையைப் பார்த்து, 30,000 செலவாகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். ஆனால் 100க்கு விற்க அங்கே ஒருவரும் இல்லை. 100.20இல் இருந்த 50 பங்கு முதலில் வருகிறது. அப்புறம் 100.50இல் 120, 101.40இல் 80. இன்னும் 50 வேண்டுமே, அதை 103இல் இருப்பவரிடமிருந்து எடுக்கிறது. மொத்தம் 30,332. சராசரி விலை ஏறக்குறைய 101.11. இந்த வித்தியாசத்தைத்தான் ஸ்லிப்பேஜ் என்கிறார்கள். வாங்கிய கையோடு திரையில் கடைசி விலை 103 என்று காட்டும். 'வாங்கியதுமே லாபம்' என்று தோன்றும். ஆனால் திருப்பி விற்கப் போனால் 99.90க்கு 60 பங்கு எடுக்கத்தான் ஆள் இருக்கிறது, மீதி அதற்கும் கீழே போகும்.

மார்க்கெட் ஆர்டர் சொல்வது ஒன்றே ஒன்று: 'என்ன விலையானாலும் பரவாயில்லை, இப்போதே முடித்துக் கொடு.' விலையைப் பற்றி அது எந்த வாக்குறுதியும் தருவதில்லை. தினமும் கோடிக்கணக்கில் கைமாறும் பங்கில், சின்ன ஆர்டருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆர்டர் புக் மெலிந்திருக்கும் பங்கிலும், சந்தை திறக்கும் முதல் சில நிமிடங்களிலும், பெரிய செய்தி வரும் நேரத்திலும்தான் இது கடிக்கும். 2010 மே 6 அன்று அமெரிக்கச் சந்தை சில நிமிடங்களில் சரிந்தபோது, உண்மையாக வாங்குபவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். பெயருக்கு வைக்கப்பட்டிருந்த அடிமட்ட விலைகள் மட்டும் புக்கில் மிஞ்சின. அக்சென்ச்சர் பங்கு ஒரு சென்ட்டுக்குக் கைமாறியது. 'என்ன விலையானாலும் சரி' என்று வந்த விற்பனை ஆர்டர்களுக்கு எதிரே நின்றது அந்த விலைதான். அப்படிப்பட்ட வியாபாரங்களைப் பிறகு ரத்து செய்தார்கள். ஆனால் எல்லாச் சரிவிலும் ரத்து நடக்காது; அன்றும்கூட ஓரளவுக்கு மேல் விலகிய விலைகளுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை கிடைத்தது.

சரி, லிமிட் ஆர்டர் போட்டால்? அதே புக்கில் '300 பங்கு, அதிகபட்சம் 100.60' என்று போட்டால் 50ம் 120ம் சேர்ந்து 170 பங்கு வந்துவிடும், சராசரி 100.41. மீதி 130 பங்குக்கான ஆர்டர் 100.60இல் காத்திருக்கும். இதில் விலை உறுதி, ஆனால் முழுதாகக் கிடைக்கும் என்பது உறுதியில்லை. பாதி வாங்கியதைக் கவனிக்காமல், 'வரவில்லை போல' என்று இன்னொரு 300க்குப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லிமிட்டில் இன்னும் எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று உண்டு. 99.70இல் 100 பங்கு வாங்க ஆர்டர் போட்டுக் காத்திருக்கிறீர்கள். அன்றைய குறைந்த விலை 99.70 என்று சார்ட் காட்டுகிறது, ஆனால் உங்களுக்கு ஒரு பங்குகூட வரவில்லை. காரணம் வரிசை. பெரும்பாலான சந்தைகளில் ஒரே விலையில் முதலில் வந்தவருக்கே முதலில் கிடைக்கும். 99.70இல் உங்களுக்கு முன்னால் ஏற்கெனவே 150 பங்குக்கு ஆட்கள் நிற்கிறார்கள். யாரோ 180 பங்கு விற்கிறார். அதில் 60 பங்கு 99.90இல் போய்விடுகிறது, மீதி 120தான் 99.70க்கு வருகிறது. உங்கள் முறை வர இன்னும் 30 பங்கு பாக்கி. அதற்குள் விலை 101க்குத் திரும்பிவிட்டது.

இதன் மறுபக்கத்தைப் பலர் யோசிப்பதில்லை. உங்கள் ஆர்டர் உடனே, முழுதாக நிறைவேறும் நாள் எது? வரிசையில் இருந்த எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டு விலை இன்னும் கீழே போகும் நாள். அதாவது நல்லபடியாகத் திரும்பும்போது கிடைக்காது, விழும்போது மட்டும் தவறாமல் கிடைக்கும். மூன்று வாரங்களுக்கு முன் போட்டு மறந்துபோன லிமிட் ஆர்டர், மோசமான செய்தி வந்த அன்று காலையில் நிறைவேறுவது இப்படித்தான். ரத்து செய்யும் வரை உயிரோடு இருக்கும் வகையில் ஆர்டர் போட்டால், அது உங்களைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்கும்.

இனி, ஸ்டாப்புக்கு வருவோம். அதற்கு முன்னால் ஒரு தவறு, நானே ஆரம்பத்தில் செய்தது. 100க்கு வாங்கிய 200 பங்கு கையில் இருந்தது. 95க்கு இறங்கினால் விற்றுவிடலாம் என்று 95இல் லிமிட் விற்பனை ஆர்டர் போட்டேன். அடுத்த நொடியே விற்றுவிட்டது. விற்கும் லிமிட் ஆர்டர் 95 என்றால் '95 அல்லது அதற்கு மேல்' என்று பொருள். மேலே உள்ள புக்கில் போட்டால் 99.90இல் 60ம், 99.70இல் 140ம் அப்போதே போய்விடும். '95 வரும்வரை சும்மா இரு' என்று சொல்ல லிமிட் ஆர்டருக்குத் தெரியாது. அதைச் சொல்வதுதான் ஸ்டாப் ஆர்டர்.

ஸ்டாப் ஆர்டரில் நாம் கொடுக்கும் 95 ஒரு ட்ரிக்கர். அது விற்கும் விலை இல்லை. 95இல் அல்லது அதற்குக் கீழே ஒரு வியாபாரம் நடந்தால் ஆர்டர் விழித்துக்கொண்டு மார்க்கெட் ஆர்டராக மாறும். அதன்பிறகு மேலே பார்த்த மார்க்கெட் ஆர்டர் கதைதான். நேற்று 97இல் முடிந்த பங்கு, இரவில் வந்த செய்தியால் இன்று 88இல் திறந்தால், 97க்கும் 88க்கும் நடுவே வியாபாரமே நடக்கவில்லை. 95இல் விற்க அங்கே வாங்குபவர் இருந்ததே இல்லை. 88இல் ட்ரிக்கர் அடிக்கும், 88இலோ அதற்குச் சற்றுக் கீழேயோ விற்கும். 200 பங்கில் 1,000 நஷ்டத்தோடு வெளியே வரலாம் என்று நினைத்தவருக்கு 2,400 நஷ்டம்.

இரவு இடைவெளி இல்லாமலும் இது நடக்கும். சுவிட்சர்லாந்து மத்திய வங்கி 2011 செப்டம்பர் முதல் ஒரு யூரோ 1.20 ஃப்ராங்குக்குக் கீழே போகாமல் தடுத்து வைத்திருந்தது. அந்த எல்லையை நம்பி யூரோ வாங்கியவர்கள் சற்றுக் கீழே ஸ்டாப் வைத்து நிம்மதியாக இருந்தார்கள். 2015 ஜனவரி 15 அன்று முன்னறிவிப்பில்லாமல் அந்த எல்லையை வங்கி கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ 1.00க்கும் கீழே போனது. ஸ்டாப்கள் எல்லாம் ட்ரிக்கர் ஆயின, ஆனால் வாங்க ஆள் இல்லாததால் வெகு கீழேதான் முடிந்தன. கடன் வாங்கிப் பெரிய அளவில் டிரேட் செய்தவர்கள் சிலருக்குக் கணக்கில் இருந்த பணம் போதாமல், தரகு நிறுவனத்துக்குப் பாக்கி வைக்கும் நிலையும் வந்தது.

'அப்படியானால் ஸ்டாப் லிமிட் போடுகிறேன்' என்பது அடுத்த யோசனை. ட்ரிக்கர் 95, லிமிட் 94. இப்போது 94க்குக் கீழே விற்காது. சாதாரண நாளில் நன்றாக வேலை செய்யும். ஆனால் பங்கு 88இல் திறக்கும் அன்று, ஆர்டர் விழித்துக்கொண்டு 94க்கு வாங்க ஆள் தேடி அப்படியே உட்கார்ந்திருக்கும். விலை 80க்குப் போனாலும் நீங்கள் இன்னும் உள்ளேதான் இருப்பீர்கள். மோசமான விலை வேண்டாம் என்றால் வெளியேற முடியாமல் போகலாம். கட்டாயம் வெளியேற வேண்டும் என்றால் மோசமான விலையை ஏற்க வேண்டும். இரண்டையும் தவிர்க்கும் ஆர்டர் கிடையாது. எனக்கு வெளியேறுவதுதான் முக்கியம் என்பதால் சாதாரண ஸ்டாப்பையே வைக்கிறேன். செய்தி வரும் இரவுகளில் ஸ்டாப்பை நம்பாமல் பங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறேன்.

எதிர்ப்பக்க ஆச்சரியமும் உண்டு. 94.95க்கு ஒரே ஒரு சின்ன வியாபாரம் நடந்தாலும் ஸ்டாப் அடித்துவிடும், பிறகு விலை 99க்குப் போனாலும் நீங்கள் அதில் இல்லை. ட்ரிக்கருக்கு எந்த விலையைப் பார்க்கிறார்கள் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். கடைசி வியாபார விலையைச் சிலர் பார்ப்பார்கள். அந்நியச் செலாவணி டிரேடிங்கில் விற்பனை ஸ்டாப்புக்குப் பெரும்பாலும் வாங்குபவர் தரும் விலையைப் பார்ப்பார்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே இடைவெளி திடீரென அகன்றால், சார்ட்டில் அந்த விலையே தொடாமல் ஸ்டாப் அடித்ததுபோலத் தெரியும். கணக்கு வைத்திருக்கும் இடத்தின் விதிமுறையில் இது இருக்கும், ஒருமுறை படித்துவிடுவது நல்லது. நியூயார்க் பங்குச்சந்தை 2016 பிப்ரவரியிலிருந்து ஸ்டாப் ஆர்டர்களை ஏற்பதையே நிறுத்திவிட்டது. அங்கே பட்டியலான பங்குகளுக்கு இன்று போடும் ஸ்டாப் பெரும்பாலும் தரகரின் கணினியில்தான் காத்திருக்கிறது. ட்ரிக்கர் ஆனபின்தான் சந்தைக்குப் போகிறது.

கடைசியாக, அனாதையாக நிற்கும் ஸ்டாப். 200 பங்குக்கு 95இல் ஸ்டாப் வைத்திருக்கிறீர்கள். விலை 108க்கு ஏறியது, கையால் விற்று லாபம் எடுத்துவிட்டீர்கள். ஸ்டாப்பை ரத்து செய்ய மறந்தாயிற்று. சில நாள் கழித்து விலை 95க்கு வரும்போது அந்த ஆர்டர் விழிக்கிறது. ஷார்ட் செல்லிங் அனுமதிக்கும் கணக்காக இருந்தால், உங்களிடம் இல்லாத 200 பங்கை விற்றுவிடும். விலை ஏற ஏற நஷ்டம் சேரும், அதுவும் நீங்கள் தெரிந்து எடுக்காத டிரேடில். ஒன்று நிறைவேறினால் மற்றது தானாக ரத்தாகும் ஜோடி ஆர்டர் வசதி உங்கள் தளத்தில் இருந்தால் இந்தச் சிக்கல் வராது. இல்லையென்றால், விற்றவுடன் நிலுவை ஆர்டர் பக்கத்தைத் திறந்து, அந்தப் பங்கின் பெயரில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.