மாவட்டச் செயற்குழுவில் முதல் அறிமுகம்

வட்டக் கிளையிலிருந்து தேர்வாகி, அரசு ஊழியர் சங்கத்தின் மாவட்டச் செயற்குழுவுக்கு முதல்முறை போகிறீர்களா? அறிமுகம் என்றதும் பலர் சேர்ந்த தேதி, வாங்கிய மாறுதல்கள் என்று சர்வீஸ் புக்கையே வாசித்துவிடுகிறார்கள். யாருக்காகப் பேச வந்திருக்கிறீர்கள் என்பதுதான் அங்கே தெரிய வேண்டியது.

பெயர், துறை, கிளை சொன்னதும் இப்படித் தொடரலாம்: "தோழர்களே, எங்கள் கிளையில் 42 உறுப்பினர்கள், 35 பேர் சந்தா கட்டிவிட்டார்கள். முன்பிருந்த தோழர் ஓய்வு பெற்றதால் போன மாதக் கிளைக் கூட்டத்தில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். 3 பேருக்குத் தேர்வுநிலை உத்தரவு நிலுவையில் இருக்கிறது. அந்தப் பொருள் வரும்போது விவரம் தருகிறேன்."

கடைசி வரியைக் கவனியுங்கள். குறையைத் தொட்டுக்காட்டியதோடு நிறுத்திவிட வேண்டும். அறிமுகத்திலேயே கொட்டித் தீர்த்தால் தலைவர் "சரி, அப்புறம் பார்க்கலாம்" என்பார். நிகழ்ச்சிநிரலில் உரிய பொருளின் கீழ் பேசாதது தீர்மானமாகாமலே போகும். முன்பிருந்தவரைக் குறைசொல்லவும் வேண்டாம், அவருடைய நண்பர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

உட்காரும் முன் இன்ஷியலோடு பெயர், பதவி, செல் எண் எழுதிய துண்டுச்சீட்டைச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். காதில் விழுந்தபடி எழுதினால் மினிட்ஸில் பெயர் தப்பாக ஏறிவிடும். எனக்கு அப்படித்தான் ஏறியது.