லேப்டாப் ஆன் ஆக அஞ்சு நிமிஷமா? செலவு பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

அக்கா வீட்டு லேப்டாப், வாங்கி ஏழு வருஷம், விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம். பவர் பட்டனை அமுக்கிட்டு அடுப்புல பாலை வச்சா பால் பொங்கிடும், இது இன்னும் சுத்திக்கிட்டே இருக்கும். "புதுசு வாங்கிடலாமாடா"ன்னு கேட்டாங்க, இரு அக்கா, நான் ஒருதடவை பாத்துட்டு சொல்றேன்னு உக்காந்தேன்.

முதல்ல ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு ரெண்டு நேரத்தைத் தனித்தனியா குறிச்சுக்கோங்க. ஒண்ணு, பட்டன் அமுக்கினதுலேர்ந்து பாஸ்வேர்டு கேக்குற வரைக்கும். இன்னொண்ணு, பாஸ்வேர்டு போட்டதுலேர்ந்து பிரவுசர் ஒழுங்கா தொறக்குற வரைக்கும். அக்காவோடதுல முதல் பாதி 1 நிமிஷம் 30 செகண்ட், ரெண்டாவது பாதி 3 நிமிஷம் 10 செகண்ட். ரெண்டாவது பாதி நீளமா இருந்தா ஸ்டார்ட்அப் ப்ரோக்ராம் மேல சந்தேகம் வரணும், ஏன்னா அதுங்க எல்லாம் நீங்க உள்ள நுழைஞ்சப்புறம்தான் கிளம்பும்.

இப்போ `Ctrl + Shift + Esc` அமுக்குங்க, டாஸ்க் மேனேஜர் வரும். சின்னதா வந்தா கீழ `More details` கொடுங்க. விண்டோஸ் 10-ல `Startup`, 11-ல `Startup apps` உள்ள போங்க. அதுல `Startup impact`னு தலைப்பு போட்ட ஒரு வரிசை இருக்கும், அந்தத் தலைப்பை கிளிக் பண்ணா `High` எல்லாம் ஒண்ணா வந்து நிக்கும். மீட்டிங் ஆப், பாட்டு ஆப், கேம் லாஞ்சர், பிரிண்டர் கம்பெனிக்காரன் போட்டுவிட்ட அப்டேட்டர், இதெல்லாம் ரைட் கிளிக் பண்ணி `Disable` கொடுங்க. ஆப் அழியாது, தானா கிளம்பாது அவ்வளவுதான், வேணும்னா நீங்களே தொறந்துக்கலாம். ஆன்டிவைரஸ், டச்பேட், ஆடியோ சம்பந்தப்பட்டதுல கை வைக்காதீங்க, பேரே புரியலன்னா அதையும் விட்டுடுங்க. அக்காவோடதுல ஒம்போது ஐட்டத்தை நிறுத்தினேன், `Restart` பண்ணேன், ரெண்டாவது பாதி 2 நிமிஷத்துக்கு வந்துச்சு. பரவால்ல, ஆனா பத்தாது.

அடுத்து இடம். `Settings > System > Storage` போங்க. C டிரைவ்ல வெறும் 3 ஜிபிதான் மிச்சம் இருந்துச்சு, ரேம் பத்தாதப்போ விண்டோஸ் டிஸ்க்ல எழுதித்தான் சமாளிக்கும், அதுக்கும் அப்டேட்டுக்கும் இடம் வேணும், அதனால 20 ஜிபியாவது காலியா வைங்க. `Temporary files` உள்ள போய் டிக் போட்டு அழிக்கலாம், ஆனா அந்த லிஸ்ட்லயே `Downloads`னு ஒண்ணு இருக்கும், பாக்காம டிக் போட்டா பசங்க மார்க்‌ஷீட் பிடிஎஃப்லாம் சேர்ந்து போயிடும்! அதை மட்டும் டிக் எடுத்துட்டு மத்ததை அழிச்சேன், ஒரு பத்து செகண்ட் மிச்சமாச்சு, வேற ஒண்ணும் பெருசா இல்ல.

நிஜமான வில்லன் எங்கன்னா, டாஸ்க் மேனேஜர்ல `Performance` போய் `Disk 0` பாருங்க. அதுலயே `HDD`யா `SSD`யான்னு போட்டிருக்கும். லேப்டாப் ஆன் ஆன உடனே பாத்தா அக்காவோடது `Active time` 100%, ஆனா கீழ படிக்கிற வேகம் 1 எம்பி 2 எம்பிதான் காட்டுது. முழு நேரமும் உழைக்குது, வேலை நடக்கல. ஏன்னா ஹார்ட் டிஸ்க்ல ஒரு முள்ளு தட்டு மேல அங்கயும் இங்கயும் ஓடித்தான் ஃபைலைத் தேடணும், பூட் ஆகும்போது ஆயிரக்கணக்குல குட்டி குட்டி ஃபைல், பாதி நேரம் ஓடுறதுலயே போயிடும். எஸ்எஸ்டில ஓடுற பார்ட்டே கிடையாது. இந்த 100% உங்களுக்கும் நிமிஷக்கணக்குல நின்னா எஸ்எஸ்டி மாத்துங்க, யோசிக்கவே வேணாம்.

ஹார்ட் டிஸ்க்லேர்ந்து டக் டக்னு சத்தம் வந்தாலோ ஃபைல் காப்பி பாதில நின்னாலோ முதல்ல போட்டோ, டாக்குமென்ட்டை வேற டிரைவ்ல எடுத்துருங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

பழைய லேப்டாப்னா பெரும்பாலும் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டிதான் உள்ள போகும், சின்ன கார்டு மாதிரி எஸ்எஸ்டியை சொருகுற M.2 ஸ்லாட் இருக்கான்னு மாடல் நம்பர் போட்டுத் தேடிப் பாத்துட்டு வாங்குங்க. யூஎஸ்பி கேபிள்ல எஸ்எஸ்டியை மாட்டி, பழைய டிஸ்க்ல இருக்குறதை அப்படியே அதுல க்ளோன் பண்ணிட்டு, அப்புறம் உள்ள மாத்தணும். டிஸ்க்கைப் பூட்டி வைக்குற பிட்லாக்கர் ஆன்ல இருந்தா ரெகவரி கீயை முன்னாடியே எழுதி வச்சுக்கோங்க, இல்லன்னா அது கேக்கும்போது முழிக்கணும். பயமா இருந்தா கடையில குடுங்க, பழைய டிஸ்க்கை மட்டும் மறக்காம திருப்பி வாங்கிக்கோங்க, உங்க போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு.

ஏற்கனவே எஸ்எஸ்டி இருந்தும் ஸ்லோன்னா `Memory` பாருங்க. ஒண்ணுமே தொறக்காம 80%க்கு மேல நின்னா ரேம் கூட்டலாம், போர்டுலயே சால்டர் பண்ணி எக்ஸ்ட்ரா ஸ்லாட்டும் இல்லன்னா வழியில்ல. இன்னொரு விஷயம், விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிடுச்சு, 11-க்கு டிபிஎம் 2.0ங்கிற செக்யூரிட்டி சிப் கேக்கும், இன்டெல்னா பொதுவா 8-வது ஜெனரேஷனாவது வேணும். அதுக்கும் கீழ இருக்குற மெஷின்ல ரேம், பேட்டரி, எஸ்எஸ்டின்னு எல்லாத்துக்கும் காசு போடுறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.

அக்காவோடது 8-வது ஜெனரேஷன், தப்பிச்சுது. 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, கூட ஒரு 4 ஜிபி ரேம் சொருகினேன். மறுபடி ஸ்டாப்வாட்ச் போட்டா பட்டன்லேர்ந்து பிரவுசர் வரைக்கும் மொத்தமே 35 செகண்ட். பால் இன்னும் சூடுகூட ஆகல.